கோதுமையை நிறுத்துவதற்கு முன் இரத்தம் கொடுங்கள்: செலியாக்கா, லாக்டோஸ் செரியாமையா என்று கண்டறியும் வழி

கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்ற சந்தேகம் வந்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்தினேன். ஏழு மாதம் கோதுமையின் வாசனையே இல்லாமல் இருந்துவிட்டு, பிறகு பரிசோதனைக்குப் போனேன். முடிவு 'இயல்பு' என்று வந்தது. அது பொய்யான இயல்பு. உண்மையைத் தெரிந்துகொள்ள, வயிற்றைக் கெடுக்கும் என்று தெரிந்தே மறுபடி எட்டு வாரம் கோதுமை சாப்பிட வேண்டியிருந்தது. அந்த எட்டு வாரம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிக்காரி. வேலைக்காகக் குருகிராமில் ஏழு வருடம் இருந்தேன். அங்கே மதியமும் இரவும் ரொட்டிதான். மூன்றாம் வருடத்திலிருந்து வயிறு உப்புவதும், காலையில் காபி குடித்த அரைமணி நேரத்தில் வயிற்றுப்போக்கும், எப்போதும் தீராத அசதியும் சேர்ந்துகொண்டன. ஹீமோகுளோபின் 8.6. இரும்புச்சத்து மாத்திரையை ஐந்து மாதம் விழுங்கியும் 9-ஐத் தாண்டவில்லை. பெண் என்பதால் மாதவிடாய்தான் காரணம் என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை உறிஞ்சப்படுகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

நான் மருத்துவர் அல்லள். நான் பட்டதையும், கடைசியில் எனக்கு வழிகாட்டிய இரைப்பை, குடல் நிபுணர் சொல்லிக்கொடுத்ததையும் வரிசைப்படுத்தியிருக்கிறேன். மருந்தும் அளவும் உங்கள் மருத்துவர் சொல்வதுதான்.

1. இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பிடித்துக்கொள்ளுங்கள்

பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். அதை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலின் உட்சுவரில் இருக்கிறது. நொதி குறைந்தால் லாக்டோஸ் உடையாமல் பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. உப்புசமும் போக்கும் அதனால்தான். துன்பம் உண்டு, ஆனால் குடலுக்குச் சேதம் இல்லை. அளவைக் குறைத்தால் பெரும்பாலோர் சமாளித்துவிடலாம். ஒரு டம்ளர் பால், அதாவது 250 மில்லியில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. நொதி குறைந்தவர்களில் பலரும் அந்த அளவைக்கூட உணவோடு சேர்த்துக் குடித்தால் தாங்கிக்கொள்கிறார்கள். தயிரில் தொந்தரவு குறைவு, நெய்யில் கிட்டத்தட்ட இல்லை.

செலியாக் வேறு கதை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டால், அந்த நோய் உள்ளவர்களின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் சொந்தக் குடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகிவிடுகின்றன. சத்துகளை உறிஞ்சுவதே அந்த விரல்கள்தான். அதனால்தான் சிலருக்கு வயிற்றில் ஒன்றுமே தெரியாமல் இரத்தசோகையும் எலும்புத் தேய்மானமும் மட்டும் தலைகாட்டுகின்றன. இதில் 'கொஞ்சமாகச் சாப்பிடலாம்' என்ற பேச்சே இல்லை. வாழ்நாள் முழுக்க, ரொட்டித் துகள்கூடப் படாமல் விலக்க வேண்டும்.

இப்போது முக்கியமான முடிச்சு. லாக்டேஸ் நொதி அந்த விரல்களின் நுனியில்தான் இருக்கிறது. செலியாக்கில் முதலில் அடிபடுவதும் நுனிதான். ஆகவே செலியாக் உள்ளவருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பால் பரிசோதனையில் 'லாக்டோஸ் செரியாமை' என்று உண்மையாகவே வரும். ஆனால் அது அடியில் இருக்கும் நோயின் நிழல். எனக்கு நடந்தது இதுதான். குருகிராமில் ஒரு மருத்துவமனையில் மூச்சுப் பரிசோதனை செய்து, லாக்டோஸ் செரியாமை என்று எழுதி, என் கோப்பை அங்கேயே மூடிவிட்டார்கள்.

தமிழர்களுக்கு இதில் கூடுதல் வலை ஒன்றும் உண்டு. தென்னிந்தியாவில் பெரியவர்களில் பெரும்பான்மையோருக்கு லாக்டேஸ் இயல்பாகவே குறைவு. நோய் எதுவும் இல்லாத என் அத்தைக்குப் பரிசோதனை செய்தாலும் 'லாக்டோஸ் செரியாமை' என்று வர வாய்ப்பு அதிகம். ஆகவே இரத்தசோகை, எடைக்குறைவு, எலும்பு வலி ஆகியவற்றில் ஏதேனும் உங்களுக்கு இருந்தால், பால் பரிசோதனை முடிவோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். பால் செரியாமை இரத்தசோகையை உண்டாக்குவதில்லை. நான் இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்குத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வட, வடகிழக்கு, தென் பகுதிகளை ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், செலியாக் எதிர்ப்புரதங்கள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடமும், தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேரிடமும் காணப்பட்டன. சோறும் இட்லியும் உண்ணும் ஊரில் நோய் வெளிப்பட வாய்ப்பே குறைவு. அதனால் தமிழ்நாட்டில் சில மருத்துவர்களுக்கு இந்த நோய் நினைவுக்கே வராமல் போகிறது. வடக்கே குடிபெயர்ந்து ரொட்டிக்கு மாறியவர் நீங்கள் என்றால், அதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

2. எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது

பாலை நிறுத்தலாம். கோதுமையை நிறுத்தக்கூடாது.

காரணம், இரண்டு பரிசோதனைகளும் அளப்பது வெவ்வேறு விஷயங்களை. லாக்டோஸ் பரிசோதனையில் அன்றைக்கே உங்களுக்கு லாக்டோஸைக் கொடுத்து, உடல் அதை என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள். முந்தைய ஆறு மாதம் பால் குடித்தீர்களா இல்லையா என்பது பொருட்டில்லை. நீங்கள் பால் குடிப்பதாலோ விடுவதாலோ நொதியின் அளவு மாறுவதில்லை.

செலியாக் பரிசோதனையோ, நடந்துகொண்டிருக்கும் சண்டையின் தடயத்தைத் தேடுகிறது. இரத்தத்தில் எதிர்ப்புரதங்கள், குடலில் காயம். குளூட்டன் உள்ளே போவது நின்றால் சண்டை ஓய்ந்துவிடும். எதிர்ப்புரதங்கள் வாரங்களிலும் மாதங்களிலும் இறங்கிக்கொண்டே வரும். பலருக்கு ஒரு வருடத்துக்குள் இயல்பு அளவை எட்டிவிடும். குடலுறிஞ்சிகளும் மெதுவாக மறுபடி வளரத் தொடங்கும். அந்த நிலையில் பரிசோதித்தால், 'நோய் இல்லை' என்று வருவதற்கும் 'நோய் அடங்கியிருக்கிறது' என்று வருவதற்கும் வித்தியாசம் தெரியாது.

'நிறுத்தினேன், உடம்பு நன்றாகிவிட்டது, அதுவே போதாதா?' என்று நானும் கேட்டேன். போதாது. கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை, ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்தும் இருக்கிறது. ஐ.பி.எஸ். எனப்படும் உணர்குடல் கோளாறு உள்ள பலருக்கு வயிறு உப்புவது அதனால்தான். அவர்களும் கோதுமையை விட்டால் நன்றாகவே உணர்வார்கள். அவர்களுக்கு விருந்தில் ஒரு பூரி சாப்பிட்டால் ஒருநாள் தொல்லை, அவ்வளவுதான். செலியாக் உள்ளவருக்கு அந்தப் பூரி குடலைப் புண்ணாக்கும். எதுவென்று தெரியாமல் வாழ்நாள் விரதம் இருப்பதும் வீண், தெரியாமல் அவ்வப்போது மீறுவதும் ஆபத்து.

3. போவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் இரண்டு வார உணவுக் குறிப்பு. நோட்டுப் புத்தகமே போதும். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது என்ன ஆனது. கோதுமை உணவை எண்ணிக்கையோடு எழுதுங்கள்: சப்பாத்தி 4, ரவை உப்புமா ஒரு கிண்ணம், பிஸ்கட் 3 என்று. மருத்துவர் பார்க்க விரும்புவது அந்த எண்ணைத்தான்.

இட்லி, தோசை, சோறு என்றே சாப்பிடுகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். கோதுமையை நிறுத்த வேண்டும் என்று நீங்கள் நினைக்கவே இல்லாவிட்டாலும், உங்கள் தட்டில் குளூட்டன் ஏற்கெனவே பரிசோதனைக்குப் போதாத அளவு இருக்கலாம். வாரத்துக்கு ஒருநாள் பரோட்டா என்பது கணக்கில் வராது. 'கோதுமை சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் 'சாப்பிடுகிறேன்' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள், எவ்வளவு என்று சொல்லுங்கள்.

அடுத்து, பழைய இரத்த அறிக்கைகள் எல்லாம். முக்கியமாக ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், வைட்டமின் டி. தேதி வாரியாக அடுக்குங்கள். மாத்திரை தின்றும் ஏறாத ஹீமோகுளோபின் ஒரே பக்கத்தில் தெரிந்தால், அது நூறு வார்த்தைக்குச் சமம். கடந்த ஒரு மாதத்தில் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூச்சுப் பரிசோதனையை அது கெடுக்கும்.

4. செலியாக் இரத்தப் பரிசோதனை: இரண்டாகக் கேளுங்கள்

முதல் பரிசோதனையின் பெயர் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. எனக்கு மறுநாளே முடிவு வந்தது. ஆனால் இதோடு 'மொத்த ஐ.ஜி.ஏ.' என்ற இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஐ.ஜி.ஏ. என்பது ஒருவகை எதிர்ப்புரதம். சிலருக்குப் பிறவியிலேயே அது உற்பத்தி ஆவதில்லை, செலியாக் நோயாளிகளிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம். அப்படிப்பட்டவருக்கு முதல் பரிசோதனை எப்போதும் இயல்பு என்றே வரும். மொத்த ஐ.ஜி.ஏ. குறைவாக இருந்தால், ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்புரதத்தை அளக்கும் பரிசோதனைக்கு மாற வேண்டும்.

நான் கண்ட வலை ஒன்று. ஆய்வகங்கள் நூற்றுக்கணக்கான உணவுகளுக்கான 'உணவு ஒவ்வாமைப் பட்டியல்' என்ற தொகுப்பை விற்கின்றன. ஐ.ஜி.ஜி. அளவைப் பார்த்து இது ஆகாது, அது ஆகாது என்று வண்ண அட்டவணை கொடுப்பார்கள். நானும் 7,500 ரூபாய் கொடுத்தேன். எனக்குக் கோதுமை பச்சை நிறத்திலும் கத்தரிக்காய் சிவப்பு நிறத்திலும் வந்தது. அது செலியாக்கையும் காட்டாது, லாக்டோஸ் செரியாமையையும் காட்டாது. பெயரில் ஐ.ஜி.ஜி. இருக்கிறதே என்று மேலே சொன்ன பரிசோதனையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அறிக்கை கையில் வந்தால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஆய்வகத்தின் மேல் வரம்பு இருக்கும். ஒரு ஆய்வகத்தில் 10, இன்னொன்றில் 20 என்று மாறும். வரம்புக்கு எத்தனை மடங்கு என்பதுதான் பேச்சு. மறு பரிசோதனைகளையும் அதே ஆய்வகத்தில் செய்தால் ஒப்பிட முடியும்.

கோதுமையை விட்டு ஏழு மாதம் ஆனபோது என் அளவு 6, மேல் வரம்பு 10. சென்னையில் நான் பார்த்த நிபுணர் அந்தத் தாளைப் புரட்டக்கூட இல்லை. "இப்போது கோதுமை சாப்பிடுகிறீர்களா, அம்மா?" என்று கேட்டார். "இல்லை டாக்டர், விட்டு ஏழு மாதம் ஆகிறது" என்றேன். "அப்படியானால் இந்தத் தாள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை" என்றார்.

5. ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களா? இரண்டு வழி

முதல் வழி மரபணுப் பரிசோதனை. எச்.எல்.ஏ. டி.கியூ.2, டி.கியூ.8 என்ற இரண்டையும் தேடுவார்கள். மரபணு உணவைப் பொறுத்து மாறாது, அதனால் கோதுமை சாப்பிடாமலேயே செய்யலாம். ஆனால் இது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. இரண்டுமே இல்லையென்றால் செலியாக் கிட்டத்தட்ட இல்லை என்று ஒதுக்கிவிடலாம், மறுபடி கோதுமை தின்று பார்க்கும் தொல்லை மிச்சம். இருந்தால் நோய் இருக்கிறது என்று பொருளில்லை. நோயில்லாத மக்களிலும் மூன்றில் ஒருவர் போல இவற்றைச் சுமக்கிறார்கள். எனக்கு டி.கியூ.2 இருந்தது. அதனால் இரண்டாம் வழிக்குத் தள்ளப்பட்டேன்.

இரண்டாம் வழி, மருத்துவர் கண்காணிப்பில் மறுபடி குளூட்டன் சாப்பிடுவது. பிரிட்டன் வழிகாட்டுதல்படி, தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் குளூட்டன் உணவு, குறைந்தது ஆறு வாரம். தாங்கவே முடியாதவர்களுக்கு நாளொன்றுக்கு 3 கிராம் என்று இரண்டு வாரத்திலேயே பார்க்கும் முறையும் உண்டு, ஆனால் குறுகிய காலத்தில் எதிர்ப்புரதம் எழும்பாமல் போகலாம். நம் தட்டில் அது எவ்வளவு என்று சொல்கிறேன்: 30 கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் இரண்டரை முதல் மூன்று கிராம் குளூட்டன் இருக்கும். கோதுமை பிரெட் ஒரு துண்டில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். எனக்கு நிபுணர் எழுதிக்கொடுத்தது காலையில் பிரெட் துண்டு இரண்டு, இரவு சப்பாத்தி இரண்டு. ஏறக்குறைய பத்து கிராம்.

முதல் வாரம் பெரிதாக ஒன்றும் இல்லை, நானே என்னை ஏமாற்றிக்கொண்டேனோ என்று நினைத்தேன். பத்தாம் நாளிலிருந்து பழைய கணக்கு மொத்தமும் திரும்பியது. மூன்றாம் வாரம் நிபுணரிடம் தொலைபேசியில் அழுதேன் என்றே சொல்லலாம். அளவைப் பாதியாக்கி, நாட்களைக் குறைக்காமல் தொடரச் சொன்னார். நீங்களாக நாட்களைக் குறைத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் இதில் பாடம். தாங்க முடியாவிட்டால் கிளினிக்குக்கு அழைத்துச் சொல்லுங்கள், அளவைப் பேசித் தீர்க்கலாம்.

கடுமையான வாந்தி, எடை வேகமாக இறங்குதல் என்றால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், பருவ வளர்ச்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தச் சோதனையை வீட்டில் தொடங்கவே கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

6. எண்டோஸ்கோபி: இரத்தம் கொடுத்த அன்றே கொண்டாடாதீர்கள்

எட்டாம் வார முடிவில் என் அளவு 74. மொத்த ஐ.ஜி.ஏ. இயல்பு. நோய் உறுதி என்று மகிழ்ந்து, அன்றிரவே சப்பாத்தியைத் தூக்கி எறிய நினைத்தேன். நல்லவேளையாக வரவேற்பில் இருந்த செவிலியர் தடுத்தார். பெரியவர்களுக்குப் பொதுவாகக் குடல் திசுவையும் பார்த்தே உறுதி செய்கிறார்கள். ஆகவே எண்டோஸ்கோபி முடியும் நாள்வரை கோதுமை தொடர வேண்டும். இரத்தம் கொடுத்ததற்கும் எண்டோஸ்கோபிக்கும் இடையே மூன்று வாரம் இடைவெளி விழுந்து, அதற்குள் நிறுத்திவிட்டு அரைகுறை முடிவோடு வருகிறவர்கள் நிறைய. இரத்த முடிவு வந்த அன்றே அடுத்த வாரத்துக்குத் தேதி வாங்குங்கள்.

குழந்தைகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. எதிர்ப்புரதம் மேல் வரம்பின் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு முறை எடுத்த இரத்தத்தில் ஈ.எம்.ஏ. என்ற பரிசோதனையும் உறுதி செய்தால், ஐரோப்பியக் குழந்தை நல வழிகாட்டுதல்படி திசு எடுக்காமலேயே முடிவு செய்யலாம். எல்லோரும் இதைப் பின்பற்றுவதில்லை, குழந்தையின் மருத்துவரிடம் கேளுங்கள்.

நடைமுறை எளியது. முந்தைய இரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக்கூடாது, ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிறு. தூக்கம் வரவைக்கும் ஊசி போட்டால், அன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். செய்யும் நேரம் கால்மணி அளவுதான்.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: சிறுகுடலின் முற்பகுதியிலிருந்து குறைந்தது நான்கு துண்டும், அதன் தொடக்கக் குமிழிலிருந்து ஒன்றிரண்டும் எடுப்பீர்களா? சேதம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை, இங்கொன்று அங்கொன்றாகத் தட்டுப்படும். ஒரே ஒரு துண்டில் நல்ல இடம் மாட்டினால் ஏமாந்துபோவோம். கூடவே, திசு ஆய்வுக்கு அனுப்பும் படிவத்தில் 'செலியாக் சந்தேகம், குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்' என்று எழுதச் சொல்லுங்கள். பார்க்கும் நோய்க்குறியியலாளருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

எனக்கு ஆறு துண்டு எடுத்தார்கள், அறிக்கை ஆறாம் நாள் கிடைத்தது. அதில் 'மார்ஷ் 3பி' என்றிருந்தது. மார்ஷ் என்பது சேதத்தை வரிசைப்படுத்தும் அளவுகோல். 3 என்றால் குடலுறிஞ்சிகள் தேய்ந்திருக்கின்றன, பி என்றால் கணிசமாகத் தேய்ந்திருக்கின்றன. கண்ணாடித் தகடுகளையும் மெழுகுத் துண்டையும் ஆய்வகம் சில காலம் வைத்திருக்கும். பின்னாளில் இன்னொருவர் கருத்துக் கேட்க நேர்ந்தால் அவைதான் ஆவணம். எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

7. லாக்டோஸ் மூச்சுப் பரிசோதனை

இது தனியாகவும் செய்யலாம், செலியாக் பரிசோதனைக்குப் பிறகும் செய்யலாம். அவசரமில்லை. முந்தைய நாள் சோறும் லேசான உணவுமாக இருந்து, நார்ச்சத்தும் பாலும் தவிர்த்து, இரவு முழுக்க வெறும் வயிற்றோடு காலையில் போக வேண்டும். ஊதச் சொல்லி முதல் அளவு எடுப்பார்கள். பிறகு 25 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, அரைமணிக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் ஊதச் சொல்வார்கள். ஹைட்ரஜன் அளவு தொடக்கத்தைவிட 20 பிபிஎம் ஏறினால் லாக்டோஸ் செரியவில்லை என்று பொருள். படிக்க ஏதாவது எடுத்துப் போங்கள். அன்று காலையில் புகைபிடிக்கக்கூடாது. அன்றைக்கு அலுவலகம் போகத் திட்டமிடாதீர்கள், மாலைவரை வயிறு முழங்கும்.

இரண்டு எச்சரிக்கை. நான்கு வாரத்துக்குள் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் தள்ளிப்போடுங்கள், வாயு உண்டாக்கும் நுண்ணுயிரிகளையே மருந்து அடக்கியிருக்கும். முதல் அரைமணி, ஒருமணி நேரத்திலேயே அளவு எகிறினால், அது சிறுகுடலில் நுண்ணுயிரிகள் பெருகியிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். எத்தனையாவது நிமிடத்தில் ஏறியது என்று அறிக்கையில் பாருங்கள்.

இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. இல்லாத இடத்தில் 50 கிராம் லாக்டோஸ் கொடுத்து இரத்தச் சர்க்கரையைப் பார்க்கும் முறை உண்டு. சர்க்கரை 20 மில்லிகிராம்கூட ஏறவில்லை என்றால் லாக்டோஸ் உடைபடவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது சரிப்படாது. இரண்டும் வேண்டாம் என்றால், இரண்டு வாரம் பாலை அடியோடு விட்டு, பிறகு வெறும் பால் ஒரு டம்ளர் குடித்துப் பார்ப்பதே போதும் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள். பாலுக்கு இப்படி வீட்டுச் சோதனை செல்லும். கோதுமைக்குச் செல்லாது.

8. செலவும் காலமும்

என் ரசீதுகளில் இருப்பதை எழுதுகிறேன், உங்கள் ஊரில் கூடக்குறைய இருக்கும்.

டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. 1,350 ரூபாய், மொத்த ஐ.ஜி.ஏ. 650, எண்டோஸ்கோபியும் திசு ஆய்வும் 9,500. அதாவது ஒழுங்கான வரிசையில் போயிருந்தால் 11,500. மூச்சுப் பரிசோதனை 2,800 தனி. நான் வீணாகக் கொடுத்தவை: பயனில்லாத முதல் இரத்தப் பரிசோதனை 1,350, மரபணுப் பரிசோதனை 5,800, வண்ண அட்டவணை 7,500. ஆக 14,650. தேவையான பரிசோதனைகளைவிட என் அவசரத்துக்கு விலை அதிகம்.

மருத்துவக் காப்பீடு இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேராமல் செய்யும் கண்டறிதல் பரிசோதனைகளைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. மருத்துவரின் எழுத்துப்பூர்வமான பரிந்துரையும் அசல் ரசீதும் இல்லாமல் கோரிக்கை எழுத முடியாது.

கோதுமையை நிறுத்தாமல் இருப்பவர் முதல் சந்திப்பிலிருந்து மூன்று வாரத்தில் முடிவுக்கு வந்துவிடலாம். நான் நிறுத்தியிருந்ததால் எனக்கு மூன்று மாதம்.

9. முடிவு வந்த பிறகு

செலியாக் உறுதியானால் அன்றிலிருந்து முழுமையாக நிறுத்துங்கள். நம் சமையலறையில் கண்ணுக்குத் தெரியாமல் குளூட்டன் இருக்கும் இடம் பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு அல்லது மைதா கலப்பது வழக்கம். டப்பாவின் பின்புறம் படியுங்கள், அரிசி மாவு கலந்தவையும் கிடைக்கின்றன. ரசத்தைச் சந்தேகிக்க நான் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். மால்ட் பானங்களில் பார்லி உண்டு. 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட இந்தியாவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது விதி.

பரிசோதனைகள் சேதத்தைக் காட்டவில்லை, நீங்கள் குளூட்டனும் போதுமான அளவு சாப்பிட்டிருந்தீர்கள், மொத்த ஐ.ஜி.ஏ.வும் இயல்பு என்றால், செலியாக்கை ஒதுக்கிவிட்டு லாக்டோஸ், உணர்குடல் கோளாறு பக்கம் திரும்பலாம். அப்போது கோதுமையைக் குறைத்துப் பார்க்க யாரும் தடுக்க மாட்டார்கள்.

என் எதிர்ப்புரத அளவு ஆறு மாதத்தில் 31, ஒரு வருடத்தில் 9. ஹீமோகுளோபின் 12.1. பதினான்காம் மாதம் மூச்சுப் பரிசோதனையை மறுபடி செய்தார்கள். முதல்முறை 41 ஏறியது, இப்போது 14. குடலுறிஞ்சிகளோடு நொதியும் திரும்பியிருக்கிறது என்றார் நிபுணர். எல்லோருக்கும் திரும்பும் என்று சொல்ல முடியாது, பரம்பரையாகவே லாக்டேஸ் குறைந்தவர்களுக்குப் பால் செரியாமை அப்படியே இருக்கும். நான் அன்று மாலை வீட்டில் அரை டம்ளர் பால் காபி குடித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

10. வீட்டில் மற்றவர்கள்

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நெருங்கிய உறவினருக்கு வாய்ப்பு பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம். அறிகுறி இல்லாவிட்டாலும் செய்வது நல்லது. உங்கள் திசு அறிக்கையின் நகலை அவர்களிடம் கொடுங்கள், ஏன் கேட்கிறார்கள் என்று அந்த மருத்துவருக்குப் புரியும்.

என் தம்பி குருகிராமில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்ன மறுநாளே தொலைபேசியில் பெருமையாகச் சொன்னான்: "அக்கா, நேற்றிலிருந்து கோதுமையைத் தொடவில்லை." இரத்தம் கொடுத்தாயா என்றேன். இல்லை என்றான். இரவு இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு நாளைக்கே ஆய்வகத்துக்குப் போ என்றேன், திட்டிக்கொண்டே போனான். அளவு 3, மேல் வரம்பு 10, மொத்த ஐ.ஜி.ஏ. இயல்பு. இரண்டு வருடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அவன் சப்பாத்தி அவனுக்கு.